முதல் நாள் வரவேற்பு வீடியோ: நிறுவனர் எதைப் பேசுவது?

புதிதாக நிறுவனம் தொடங்கியவர்கள் வரவேற்பு வீடியோவுக்கு உரை எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில்தான் போகிறார்கள். ஒன்று, நிறுவனம் பிறந்த கதையைச் சொல்வது. இன்னொன்று, நிறுவனத்தின் நோக்கத்தையும் மதிப்புகளையும் எடுத்து வைப்பது. மூன்றாவது, இன்றைக்கு வந்து சேர்ந்தவருக்கு இன்றும் இந்த வாரமும் என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைப் பேசுவது. மூன்றும் நல்ல எண்ணத்தோடு எழுதப்படுபவைதான். ஆனால் முதல் நாள் காலையில் அந்த வீடியோவைப் பார்க்கப்போகிறவரின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், மூன்றுக்கும் பலன் ஒன்றாக இல்லை. நான் மூன்றாவதன் பக்கம். அதற்குள் முதலாவதிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து வைத்தால் போதும் என்பது என் கருத்து.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கிடங்குகளுக்குச் சரக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து தரும் சின்ன நிறுவனம். இரண்டு பேர் தொடங்கியது, இப்போது 18 பேர். அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் 12 பேர் சேரப்போகிறார்கள், அதில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்தே வேலை. இதுவரை புதிதாக வந்த ஒவ்வொருவரையும் நிறுவனர் தானே உட்காரவைத்துப் பேசினார். இனி எல்லா முதல் நாளிலும் அவர் இருக்க முடியாது. அதனால்தான் வீடியோ.

இப்போது பார்க்கப்போகிறவரை யோசியுங்கள். கையில் புது மடிக்கணினி, பாதி வேலை செய்யும் கடவுச்சொற்கள், மனிதவளப் பிரிவிலிருந்து வந்த மின்னஞ்சல், அதில் ஒரு இணைப்பு. அலுவலகத்தில் என்றால் சுற்றிலும் தெரியாத முகங்கள். வீட்டில் என்றால் யாருமே இல்லை. அவர் மனதில் ஓடுவது நிறுவனத்தின் பத்தாண்டுத் திட்டம் அல்ல. யாரிடம் கேட்பது, கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களா, முதல் வாரத்திலேயே ஏதாவது செய்து காட்ட வேண்டுமா, பழைய வேலையை விட்டு வந்தது சரிதானா. இந்த நான்கில் இரண்டுக்காவது பதில் கிடைத்தால் வீடியோ வேலை செய்துவிட்டது என்று சொல்லலாம். மூன்று வகை உரைகளையும் இந்த அளவுகோலில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

பிறந்த கதை

நம் நிறுவனர் இந்த வழியில் எழுதினால் தொடக்கம் இப்படி இருக்கும்:

> "வணக்கம். நாலு வருஷத்துக்கு முன்னாடி, நானும் என் நண்பரும் ஒரு சின்ன அறையில உக்காந்து இந்த நிறுவனத்தைப் பத்தி முதல்முதலா பேசினோம். அப்ப எங்ககிட்ட பணம் இல்லை, வாடிக்கையாளர் இல்லை. ஒரு பழைய கணினி மட்டும்தான் இருந்துச்சு…"

இதற்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. நிறுவனருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தாளைப் பார்க்காமல் பேசுவார், முகத்தில் உயிர் இருக்கும், கேமரா இருப்பதே மறந்துபோகும். பேச்சில் தடுமாறுகிறவர்கள்கூடத் தங்கள் சொந்தக் கதையைச் சொல்லும்போது சரளமாகிவிடுவார்கள். அதனால்தான் பலரும் இதை முதலில் எடுக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், கேட்பவருக்குக் கதையில் இடம் இல்லை. கதை முழுக்கக் கடந்த காலத்தில் நடக்கிறது, அவர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு நேர்முகத் தேர்வில் இரண்டு முறையாவது இதைக் கேட்டிருப்பார், வலைத்தளத்தில் ஒரு முறை படித்திருப்பார். காலவரிசைப்படி சொல்லத் தொடங்கினால் எந்த வருடத்தையும் விட மனம் வராது. முதல் வாடிக்கையாளர், முதல் முதலீடு, முதல் அலுவலகம் என்று ஐந்து நிமிடம் ஓடிவிடும். நடுநடுவே பழைய ஆட்களுக்கு மட்டும் புரிகிற பெயர்களும் கேலிகளும் வரும். அந்த இடங்களில் புதியவர் தான் வெளியாள் என்பதை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக உணர்வார்.

ஆனால் கதையை அப்படியே தூக்கி எறிய வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதி மிகவும் மதிப்புள்ளது: நிறுவனம் ஒரு கஷ்டமான முடிவை எடுத்த ஒற்றைச் சம்பவம். எப்படி வளர்ந்தோம் என்பதை விட, நெருக்கடியில் எதை விட்டுக்கொடுத்தோம், எதை விடவில்லை என்பதுதான் புதியவருக்கு உதவும், ஏனென்றால் அடுத்த மாதம் அதே மாதிரி ஒரு முடிவு அவர் மேசைக்கு வரும். சம்பவத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய கேள்வி இருக்கிறது: இதைக் கேட்ட பிறகு புதியவர் தன் வேலையில் எதையாவது வேறு மாதிரி செய்வாரா? இல்லை என்றால் அது வெறும் நினைவு. நண்பர்களோடு பேசும்போது சொல்லிக்கொள்ளலாம்.

நோக்கமும் மதிப்புகளும்

> "நம்ம நோக்கம், சரக்கு மேலாண்மையில ஒரு புதிய தரத்தை உருவாக்குறது. நேர்மை, புதுமை, வாடிக்கையாளரே முதன்மை, இந்த மூணும்தான் நம்ம மூச்சு. நீங்க ஒரு பெரிய பயணத்துல இணைஞ்சிருக்கீங்க…"

இந்த உரையில் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் அப்படியே நிற்கும். இந்தச் சோதனையை எழுதிய ஒவ்வொரு வரிக்கும் செய்து பாருங்கள். பெயர் மாறியும் ஆடாத வரி எதுவோ, அதைக் கேட்பவர் காதில் வாங்கமாட்டார். நேர்மை வேண்டாம் என்று சொல்கிற நிறுவனம் எங்கும் கிடையாது. எதிர்ப்பக்கம் இல்லாத மதிப்பை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

அதே மதிப்பு, அதற்காக எதை இழக்கத் தயார் என்று சேர்த்துச் சொல்லும்போது உயிர் பெறுகிறது. "புது வசதி தாமதமாகலாம், காட்டுகிற எண் தப்பாக இருக்கக் கூடாது" என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. வேகம்தான் முக்கியம் என்று நினைக்கிற வேறு நிறுவனம் இதற்கு நேர்மாறாகச் சொல்லலாம், அதுவும் அவர்கள் அளவில் நியாயமே. அப்படி ஒரு வரி கிடைத்தால், அது மூன்று மதிப்புச் சொற்களை விட நீண்ட நாள் நிற்கும்.

நீண்ட நாள் நிற்பது என்றதும் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 1997ஆம் ஆண்டுக்காகப் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வருகிறது. பின்னாளில் அவர் எழுதிய ஆண்டுக் கடிதங்களோடு அந்த முதல் கடிதத்தையும் சேர்த்தே அனுப்பி வந்தார். அதில் ஊழியர் எண்ணிக்கை 158இலிருந்து 614 ஆனது போன்ற கணக்குகளும் உண்டு, அவை ஒரு வருடத்திலேயே பழசாகிவிட்டன. பழசாகாமல் நின்றது, குறுகிய கால லாபத்துக்கும் நீண்ட கால நிலைக்கும் இடையில் மோதல் வந்தால் எந்தப் பக்கம் சாய்வோம் என்று வெளிப்படையாகச் சொன்ன பகுதி. கடிதத்தில் தேதி இருக்கிறது, அதனால் பழைய எண்கள் உறுத்துவதில்லை. வீடியோவுக்கு அந்த வசதி இல்லை. நிறுவனர் கண்ணைப் பார்த்து "நாம இப்போ 18 பேர்" என்று சொல்லும்போது அறையில் 31 பேர் உட்கார்ந்திருந்தால், வீடியோ பழசு என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். அதோடு அதில் சொன்ன மற்றவற்றின் மேலும் நம்பிக்கை குறையும்.

இந்த இரண்டாவது வழிக்கு எதிராக இன்னொரு சான்றும் உண்டு. டேனியல் கேபிள் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விப்ரோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முதல் நாள் அமர்வில் நிறுவனத்தின் பெருமையையும் மதிப்புகளையும் பேசினார்கள். இன்னொரு பிரிவினரிடம், உங்கள் தனித்தன்மையை இந்த வேலையில் எப்படிக் கொண்டுவரலாம் என்று அவர்களைப் பற்றியே பேசி, அவர்களையும் பேசவைத்தார்கள். மற்றொரு பிரிவுக்கு வழக்கமான அறிமுகம் மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, தங்களைப் பற்றிப் பேச இடம் கிடைத்த பிரிவில்தான் வேலையை விட்டுப்போனவர்கள் மிகக் குறைவு. இது ஒரே நிறுவனத்தில், ஒரே வகை வேலையில், நேரில் நடந்த ஒரு மணி நேர அமர்வு. இரண்டு நிமிட வீடியோவுக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் உரையில் யாரைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்ய இது நல்ல வழிகாட்டி.

இன்றைய நாளைப் பேசும் உரை

மூன்றாவது வழிக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது, பலரும் அதில் விழுந்து பார்த்திருக்கிறேன். இன்றைக்கு என்ன தெரிய வேண்டும் என்று தொடங்கி, அடையாள அட்டை எங்கே வாங்குவது, விடுப்புக்கு எந்தப் படிவம், சம்பளச் சீட்டு எந்தத் தளத்தில் என்று போய்விடுகிறார்கள். நிறுவனர் அறிவிப்புப் பலகை ஆகிவிடுகிறார். அந்தத் தகவல்கள் தேவைதான். ஆனால் அவை மாறிக்கொண்டே இருக்கும், பார்ப்பவர் அவற்றை நகலெடுத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கும். அவற்றின் இடம் வீடியோவுக்குக் கீழே உள்ள எழுத்துப் பக்கம். அங்கே திருத்த ஒரு நிமிடம் போதும்.

அப்படியானால் வீடியோவில் மிஞ்சுவது என்ன? நிறுவனர் மட்டுமே கொடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, அனுமதி. படிவம் எங்கே என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "முதல் இரண்டு வாரம் உங்களிடம் வேகம் எதிர்பார்க்கவில்லை", "தப்பு என்று தோன்றினால் வேலையை நிறுத்தலாம்", "கேள்வி கேட்பது தொந்தரவு ஆகாது" என்பதையெல்லாம் மேலே இருப்பவர் தன் வாயால் சொன்னால்தான் புதியவருக்குத் தைரியம் வரும். பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், அதை அவருடைய நல்ல மனசு என்றுதான் எடுத்துக்கொள்வார். நிறுவனர் சொன்னால் அது விதி.

விதி என்பதால் அது உண்மையாக இருக்க வேண்டும். இந்த வகை வீடியோ கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு வாரம் நிதானமாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நிறுவனர் சொல்கிறார், மூன்றாம் நாளே குழுத் தலைவர் அவசர வேலை ஒன்றைத் தள்ளிவிட்டு மாலைக்குள் கேட்கிறார். புதியவர் யாரையும் எதிர்த்துக் கேட்கமாட்டார். வீடியோவில் சொல்வது வேறு, இங்கே நடப்பது வேறு என்று மனதில் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். அதனால் பதிவு செய்வதற்கு முன் உரையை எல்லாக் குழுத் தலைவர்களிடமும் கொடுத்து, "இதில் உங்களால் காப்பாற்ற முடியாத வரி எது?" என்று கேளுங்கள். இரண்டு வாரம் முடியாது, ஒரு வாரம்தான் முடியும் என்றால் ஒரு வாரம் என்றே எழுதுங்கள்.

இதே காரணத்துக்காக எழுதக் கூடாத சில வரிகளும் உண்டு. "இங்கே யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டோம்", "எல்லாருக்கும் சீக்கிரமே பங்கு தருவோம்", "ஒரு வருடத்தில் இரண்டு மடங்கு வளர்வோம்" போன்றவை உற்சாகத்தில் வாயில் வந்துவிடும். பதிவான பேச்சு கோப்பாகக் கிடக்கும். நியமனக் கடிதத்தில் அறிவிப்புக் காலமும் பணிநீக்க விதியும் தெளிவாக எழுதியிருக்கும்போது வீடியோ வேறு ஒன்று சொன்னால், நாளை தகராறு வரும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்பதையும் நான் விட்டுவிடச் சொல்வேன். அன்பில் சொல்வதுதான், ஆனாலும் சம்பளம் வாங்கி வேலை செய்ய வந்தவர், இங்கே முடியாது என்று சொல்லக் கூடாது போல என்று அதைப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. பணி ஒப்பந்தங்களை எழுதித் தருகிற வழக்கறிஞரிடம் உரையையும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

சரி, இவற்றையெல்லாம் வைத்து நம் நிறுவனருக்கான உரை எப்படி வரும் என்று முழுதாக எழுதிப் பார்க்கிறேன். கேமரா முன் பேசப்போவதால் பேச்சு நடையிலேயே எழுதியிருக்கிறேன். எழுத்து நடையில் எழுதிவிட்டுப் பேசும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், மாறாது. பாதி வரி செய்தி வாசிப்பது போலவும் பாதி வரி வீட்டில் பேசுவது போலவும் வந்து நிற்கும்.

> "வணக்கம். இந்த நிறுவனத்தைத் தொடங்கின ரெண்டு பேர்ல நான் ஒருத்தன். நீங்க வந்து சேர்ந்ததுல ரொம்ப சந்தோஷம். உங்ககிட்ட பேசிப் பார்த்துட்டு, இவங்க நமக்கு வேணும்னு சொன்னது உங்க டீம்ல இருக்கிறவங்கதான். அதனால நீங்க இங்க வந்தது தற்செயல் இல்லை.
>
> இன்னைக்கு நிறைய புதுப் பேர், நிறைய பாஸ்வேர்டு. எல்லாம் இன்னைக்கே பிடிபடணும்னு இல்லை. முதல் ரெண்டு வாரம் உங்ககிட்ட எதிர்பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான், கேள்வி கேளுங்க. யார்கிட்ட கேக்குறதுன்னு குழப்பம் வேண்டாம். உங்களுக்குத் துணையா ஒருத்தரைப் போட்டிருக்கோம். அவங்க பேர் இந்த வீடியோவுக்குக் கீழேயே இருக்கு. உங்களுக்குப் பதில் சொல்றது இப்போதைக்கு அவங்க வேலையில ஒரு பகுதி. தொந்தரவு பண்றோமோன்னு நினைக்காதீங்க.
>
> ஒரு விஷயம் சொல்லணும். நாங்க ஆரம்பிச்ச புதுசுல, ஒரு கிடங்குல எங்க கணக்கு 40 பெட்டின்னு காட்டுச்சு. அலமாரியில இருந்தது 36. அங்க வேலை பார்த்தவர் மேல சந்தேகப்பட்டுட்டாங்க. ஆனா தப்பு எங்க பக்கம். திரும்பி வந்த நாலு பெட்டியை எங்க மென்பொருள் ரெண்டு தடவை எண்ணியிருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் நேர்ல போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டோம். அந்த மாசம் வெளியிட வேண்டிய புது வசதியை நிறுத்திட்டு இதைச் சரி பண்ணோம். நீங்க இங்க எந்த வேலை பார்த்தாலும், நாம காட்டுற எண்ணை நம்பி அந்தப் பக்கம் ஒருத்தர் நிக்கிறார். எண் தப்பா இருக்கும்னு தோணுச்சுன்னா நிறுத்துங்க, சொல்லுங்க. நேத்து வந்தவங்க சொன்னாலும் நிறுத்துவோம்.
>
> அப்புறம், இதுக்கு முன்னாடி வேலை பார்த்த இடத்துல சில விஷயங்களை எங்களைவிட நல்லாவே செஞ்சிருப்பீங்க. எங்களுக்குப் பழகிப்போனது உங்க கண்ணுக்கு உறுத்தும். அதையெல்லாம் எழுதி வைங்க. ரெண்டாவது வாரக் கடைசியில நீங்களும் நானும் பேசப்போறோம். அதுக்கான நேரம் உங்க காலண்டர்ல ஏற்கெனவே இருக்கு. அந்தக் குறிப்பை எடுத்துட்டு வாங்க.
>
> இப்போ இதை மூடிட்டு உங்க துணையாளருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க. அவங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க."

கேமரா முன் நிதானமாகப் பேசினால் இது இரண்டு நிமிடத்தை ஒட்டி வரும். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம், அலைபேசியில் ஒரு தடவை பதிவு செய்து அளந்துகொள்ளுங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் குறைக்கப் பாருங்கள். குறைக்கும்போது சம்பவத்தில் கை வைக்காதீர்கள், நன்றியும் வாழ்த்தும் எங்கே இரண்டு தடவை வந்திருக்கிறது என்று தேடுங்கள்.

இந்த உரையில் சில வரிகளுக்குப் பின்னால் வேறு ஒருவரின் வேலை இருப்பதைக் கவனியுங்கள். துணையாளர் பெயர் கீழே இருக்க வேண்டும், காலண்டரில் அந்தச் சந்திப்பு ஏற்கெனவே ஏறியிருக்க வேண்டும், துணையாளர் அன்று காலை விடுப்பில் இருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் உரை பொய்யாகிவிடும். அதனால் உரை எழுதி முடித்த கையோடு, அதில் உள்ள ஒவ்வொரு வாக்குக்கும் எதிரே அதைச் செய்யும் ஆளின் பெயரை எழுதிவைத்துக்கொள்வது அவசியம். ஆள் கிடைக்காத வாக்கை அடித்துவிடலாம். இரண்டாவது வாரச் சந்திப்பு நிறுவனருக்கு முடியுமா என்பதும் இதில் சேரும். 12 பேருக்கு அரை மணி நேரம் வீதம் ஆறு மாதத்தில் மொத்தம் ஆறு மணி நேரம், முடியும். மாதம் 40 பேர் சேர்கிற நிலை வந்தால் முடியாது, அப்போது அந்த வரியை மாற்ற வேண்டும்.

மாற்ற வேண்டும் என்பதால் பதிவையே துண்டு துண்டாகச் செய்வது புத்திசாலித்தனம். மேலே உள்ள ஐந்து பத்திகளையும் ஐந்து தனித் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மூச்சு நிறுத்தி, வாயை மூடி, கேமராவைப் பார்த்தபடி இரண்டு நொடி இருங்கள். நாளை நான்காவது துண்டை மட்டும் புதிதாக எடுத்து ஒட்டலாம். முகம் மாறியிருக்கும், சட்டை மாறியிருக்கும், அது பரவாயில்லை. சம்பவத் துண்டு பல வருடம் மாறாமல் இருக்கும். எண்ணிக்கை, பதவிப் பெயர், அலுவலக இடம், வெளிவரப்போகும் வசதி எதையும் பேச்சில் வைக்காமல் இருந்தால் மற்ற துண்டுகளும் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

எழுதியதை எப்படிப் பேசுவது

இதிலும் மூன்று வழி: மனப்பாடம், திரையில் ஓடும் எழுத்தைப் படிப்பது, குறிப்பு வைத்துப் பேசுவது. மனப்பாடத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நடிப்புப் பழக்கம் இல்லாதவர் மனப்பாடமாகச் சொன்னால் அடுத்த வரியைத் தேடுவது கண்ணிலேயே தெரியும்.

டெலிபிராம்ப்டர் வைத்துப் படித்தால் ஒரு சொல்கூடத் தவறாது. வழக்கறிஞர் பார்த்துச் சரிசெய்த வரி அப்படியே வரும். அதன் குறை கண்ணில் இருக்கிறது. எழுத்து வரி அகலமாக இருந்தால் கண் இடமிருந்து வலம் ஓடுவது பார்ப்பவருக்குத் தெரியும். எழுத்து லென்ஸுக்கு நேராக இல்லாமல் பக்கத்தில் வைத்த திரையில் ஓடினால் யாரோ மூன்றாம் ஆளைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். கண்ணாடித் தகடு வைத்த கருவியில் எழுத்து லென்ஸுக்கு முன்னாலேயே தெரியும். அதோடு ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் மட்டும் வருமாறு பத்தியை ஒடுக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, கேமராவை ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் கண் ஓட்டம் பெருமளவு மறைந்துவிடும். ஆனால் குரலில் வரும் வாசிப்புத் தொனியை எந்தக் கருவியும் மறைக்காது. ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் ஒரே மாதிரி இறங்கி முடிந்தால், வாசிக்கிறார் என்று அர்த்தம். பதிவைப் படத்தை அணைத்துவிட்டுக் கேளுங்கள், உடனே பிடிபடும்.

நான் பரிந்துரைப்பது குறிப்பு வைத்துப் பேசுவது. முழு உரையையும் முதலில் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதே தெரியாது. எழுதிய பிறகு பத்திக்கு ஓர் அட்டை வைத்து, அதில் நான்கு சொல் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சம்பவத்துக்கான அட்டையில் "40, 36, மன்னிப்பு, நிறுத்துங்க" என்று இருந்தால் போதும். ஒவ்வொரு துண்டுக்கும் முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் எழுதியபடியே வரட்டும், நடுவில் உங்கள் வாய்க்கு வந்தபடி பேசலாம். ஒரு துண்டை நான்கைந்து தடவை எடுத்தால் மூன்றாவதற்கு மேல்தான் பெரும்பாலும் நன்றாக வரும். லென்ஸுக்குப் பின்னால் உண்மையான ஓர் ஆளை உட்காரவைத்து அவரிடம் பேசுவது போலப் பேசினால் இன்னும் எளிது. சமீபத்தில் சேர்ந்த ஒருவராக இருந்தால் மிக நல்லது, ஏதாவது பொய்யாக ஒலித்தால் அவர் முகமே சொல்லிவிடும்.

இதில் விதிவிலக்கு, பல மொழி பேசுகிற ஊழியர்களுக்காகத் தனக்கு அவ்வளவு பழக்கமில்லாத மொழியில் பேச வேண்டியிருக்கும் நிறுவனர். அவருக்கு டெலிபிராம்ப்டர்தான் பாதுகாப்பு. அதைவிட, தன் மொழியில் இயல்பாகப் பேசிவிட்டு மற்ற மொழிகளில் வசனவரி கொடுப்பது மேல் என்பேன். வசனவரி எப்படியும் வேண்டும். காது கேட்காதவர்களுக்காக மட்டுமல்ல, முதல் நாளில் கையில் ஹெட்ஃபோன் இல்லாமல், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூச்சப்பட்டு ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் அதிகம். தானாக உருவாகும் வசனவரியை அப்படியே விடாமல், `.srt` கோப்பாக எடுத்து ஒரு தடவை கையால் திருத்திவிடுங்கள். பெயர்களும் எண்களும்தான் அதில் முதலில் கெடும்.

வீடியோவே வேண்டாத இடங்கள்

மாதத்துக்கு ஒருவர் இருவர்தான் சேர்கிறார்கள், எல்லாரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள் என்றால், நிறுவனர் பத்து நிமிடம் நேரில் வந்து உட்கார்வதற்கு எந்த வீடியோவும் ஈடாகாது. அடுத்த அறையில் இருந்துகொண்டு வீடியோ அனுப்பினால், எதுவும் அனுப்பாமல் இருப்பதை விட மோசமாகப் படும். நேரில் பேசும்போதும் மேலே உள்ள உரையின் வரிசை அப்படியே உதவும். கூடுதலாக, அவரைப் பேசச் சொல்லலாம், வீடியோவில் அது முடியாது.

இன்னொன்று, ஆட்குறைப்பு நடந்து சில வாரங்களே ஆகியிருந்தால் பழைய வீடியோவை உடனே நிறுத்திவையுங்கள். "உங்களைத் தேர்ந்தெடுத்தது உங்கள் டீம்" என்று சொல்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்த டீமில் பாதி இருக்கைகள் காலியாக இருப்பதைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும் என்று யோசியுங்கள். அந்தக் காலத்தில் நேரடி அழைப்பில் ஐந்து நிமிடம் பேசி, நடந்ததைச் சொல்லி, கேள்விக்குப் பதில் சொல்வதுதான் முறை.

வீடியோ போட்ட பிறகு, எத்தனை பேர் முழுதாகப் பார்த்தார்கள் என்ற கணக்கை நம்பி உட்கார வேண்டாம். முதல் நாளில் பார்க்கச் சொன்னால் எல்லாரும் கடைசிவரை ஓடவிடுவார்கள். இரண்டாவது வாரச் சந்திப்பில், "அந்த வீடியோவில் என்ன ஞாபகம் இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். நாலு பெட்டிக் கதையைச் சொன்னால் அந்தத் துண்டு நிற்கிறது. துணையாளரிடம் எத்தனை தடவை கேட்டீர்கள் என்பதற்குப் பதில் ஒன்றோ இரண்டோ என்று வந்தால், கேள்வி கேளுங்கள் என்ற துண்டு சேரவில்லை. அப்போது அந்த இரண்டாவது துண்டைத் திரும்ப எடுங்கள். அதற்கு முன், துணையாளரின் மற்ற வேலையை உண்மையிலேயே குறைத்துக் கொடுத்திருக்கிறார்களா என்று குழுத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.